உப்புசமும் கெட்டி மலமும்: நான்கு நார்ச்சத்துத் தூள்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண்மணி தனியொருவர் அல்ல. ஒரே மாதிரிச் சிக்கலோடு வந்த பலருடைய விவரங்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி ஒருவராக எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவு, நாள்கணக்கு, செய்த தவறு எல்லாம் இப்படிப்பட்டவர்களிடம் வழக்கமாகப் பார்ப்பவை.

அவருக்கு வயது 58. திருச்சிக்காரர். அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஜனவரி மாதம் வந்தார். ஊரில் காலையில் காபி குடித்ததும் வயிறு கழிந்துவிடும். இங்கே வந்த இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை, அதுவும் முக்கி முக்கி, ஆட்டுப் புழுக்கை போல உருண்டை உருண்டையாகப் போனது. மாலை ஆறு மணிக்கு மேல் வயிறு ஊதிப் புடவைக் கட்டு இறுகும். குளிருக்குப் பயந்து வெளியே நடப்பதில்லை. தாகம் எடுக்காததால் நாளுக்கு மூன்று நான்கு டம்ளர் தண்ணீர்தான். தைராய்டுக்கு லெவோதைராக்சின் மாத்திரை, எலும்புக்குக் கால்சியம் கார்பனேட் மாத்திரை இரண்டு வேளை. இந்தக் கால்சியம் மலத்தை இறுக்கும் என்பதை வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

நார்ச்சத்தைப் பற்றிப் பேசும் முன் கேட்டுத் தீர்க்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. மலத்தில் ரத்தம் உண்டா, காரணமில்லாமல் எடை குறைந்ததா, ரத்தசோகை இருக்கிறதா, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் வந்திருக்கிறதா, வாந்தியோடு காற்றும் பிரியாமல் நின்றதா. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாக மலப்பழக்கம் மாறினால் இந்தக் கேள்விகளைத் தாண்டி எந்தத் தூளுக்கும் போகக்கூடாது. இவருக்கு இரண்டு வருடம் முன்பு எடுத்த கொலோனாஸ்கோபி சரியாக இருந்தது. ஹீமோகுளோபினும் தைராய்டு அளவும் சமீபத்தில் பார்த்தவை, சரியாகவே இருந்தன. மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லை. அதனால் வீட்டிலேயே சரிசெய்து பார்க்க இடமிருந்தது.

அமெரிக்க மருந்துக்கடையின் அலமாரியில் இனுலின், கோதுமை டெக்ஸ்ட்ரின், இசப்கோல், மெத்தில்செல்லுலோஸ் என்ற நான்கு வகைத் தூளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நான்கின் டப்பாவிலும் நார்ச்சத்து என்றே எழுதியிருக்கும். நான்கும் தண்ணீரில் கலப்பவை. வாங்குகிறவருக்கு விலையும் சுவையும் தவிர வேறு வித்தியாசம் தெரிய வழியில்லை. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் சுற்று: இனுலின்

மகள் வாங்கி வந்தது இனுலின் தூள். சிக்கரிக் கிழங்கிலிருந்து எடுப்பது. இனிப்பு லேசாக இருக்கும், காபியில் போட்டாலும் தெரியாது, குடல் பாக்டீரியாக்களுக்கு நல்லது என்று டப்பா சொன்னது. காலைக் காபியில் 8 கிராம், மாலைக் காபியில் 8 கிராம் போட்டார்கள். போதாதென்று, மென்று தின்னும் நார்ச்சத்து ஜெல்லி மிட்டாயும் நாளுக்கு மூன்று. அந்த மிட்டாயின் உட்பொருள் பட்டியலில் 'சிக்கரி ரூட் ஃபைபர்' என்று இருந்தது. அதுவும் இனுலின்தான். ஆக, ஒரு நாளைக்கு இருபது கிராமை நெருங்கிவிட்டது. இதற்கு மேல் வீட்டுச் சாம்பாரில் சின்ன வெங்காயமும் ரசத்தில் பூண்டும். இரண்டிலும் இயல்பாகவே இனுலின் வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் நிறைய உண்டு.

மூன்றாம் நாளே வயிறு கடமுடவென்று சத்தம் போடத் தொடங்கியது. உப்புசத்தைச் சுழியிலிருந்து பத்து வரை மதிப்பிடச் சொன்னபோது, தொடக்கத்தில் ஐந்து என்றவர் இப்போது எட்டு என்றார். மலம் இரண்டு நாளுக்கு ஒருமுறையாகச் சற்று முன்னேறியது. ஆனால் வடிவம் மாறவில்லை, அதே உருண்டை.

இனுலின் தண்ணீரில் முழுதும் கரைந்துவிடும், ஆனால் கொழகொழப்பு ஆகாது. சிறுகுடலில் செரிக்காமல் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே பாக்டீரியாக்கள் அதைப் பிடித்து வேகமாக நொதிக்க வைக்கும். சங்கிலி குட்டையாக இருந்தால் நொதிப்பு இன்னும் வேகம். நொதிப்பில் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வரும், சிலருக்கு மீத்தேனும். அதோடு கரைந்த சர்க்கரைச் சங்கிலிகள் நீரைக் குடலுக்குள் இழுக்கும். வாயு ஊதுவதும் வயிறு பொருமுவதும் இதனால்தான். நொதித்து முடிந்தபின் இனுலினில் எதுவும் மிச்சமிருக்காது. மலத்தை இளக்குவதற்கு நீரைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய பொருளே கடைசியில் இல்லாமல் போகிறது.

இனுலின் வீண் என்று சொல்லவில்லை. நாளுக்கு 12 கிராம் சிக்கரி இனுலின் மலம் கழிக்கும் தடவையைக் கூட்டி இயல்பான மலப்போக்குக்கு உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் ஏற்றிருக்கிறது. அதில் பேசப்படுவது தடவை, மிருது அல்ல. இவரிடமும் அதுவேதான் நடந்தது. உப்புசமே இல்லாத, கொஞ்சம் தாமதமாகப் போகிற ஒருவருக்கு இனுலின் பொருந்தலாம். அவரும் 2 கிராமில் தொடங்கி வாரத்துக்கு 2 கிராமாகத்தான் ஏற்ற வேண்டும். ஏற்கெனவே வயிறு ஊதுகிறவருக்கு முதல் தூளாக இதைக் கொடுப்பது சரியல்ல என்பது எங்கள் கருத்து.

சிக்கரி என்றதும் ஃபில்டர் காபியில் கலக்கும் சிக்கரி நினைவுக்கு வரும். அது வறுத்தது. வறுக்கும்போது இனுலினில் பெரும்பகுதி சிதைந்துவிடும். அதை நார்ச்சத்துக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டாம் சுற்று: கோதுமை டெக்ஸ்ட்ரின்

இனுலினை நிறுத்திய இரண்டே நாளில் வயிற்றுச் சத்தம் அடங்கியது. அடுத்து வாங்கியது கோதுமை டெக்ஸ்ட்ரின். கோதுமை மாவுச்சத்தைச் சூடும் லேசான அமிலமும் கொண்டு பதப்படுத்தி, அதில் ஒரு பகுதியைச் செரிக்க முடியாதபடி மாற்றியெடுத்த தூள். நிறமில்லை, சுவையில்லை, தண்ணீரிலோ மோரிலோ போட்டால் கண்ணுக்கே தெரியாது. இரண்டு டீஸ்பூனில் சுமார் 3 கிராம் நார் கிடைக்கும். மூன்று வேளை, மொத்தம் 9 கிராம், இரண்டு வாரம் எடுத்தார்.

உப்புசம் நான்குக்கு இறங்கியது. டெக்ஸ்ட்ரினும் நொதிக்கும், ஆனால் மெதுவாக. பெருங்குடலின் நீளம் முழுவதும் பரவிக் கொஞ்சம் கொஞ்சமாக நொதிப்பதால் வாயு ஒரே இடத்தில் குவிவதில்லை. தாங்கும் தன்மையில் இதற்கு நல்ல பெயர். அதிக அளவிலும் பலருக்குத் தொந்தரவு தருவதில்லை. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் மலம் மட்டும் இளகவில்லை. இரண்டாம் வாரக் கடைசியில் முன்பைவிடக் காய்ந்து போகிறது என்றே சொன்னார். இது அவர் மனப்பிரமை அல்ல. டெக்ஸ்ட்ரினும் இனுலினைப் போலக் கரையும், கொழகொழப்பு ஆகாது. குடலின் கடைசிப் பகுதிக்கு நீரைப் பிடித்துக்கொண்டு போகும் வலு அதற்கு இல்லை. நொதிக்காமல் தப்பியதும் நொதிப்பால் பெருகிய பாக்டீரியாக்களும் மலத்தின் திடப் பொருளைக் கூட்டுமே தவிர, அதற்கேற்ற நீரைக் கூட்டாது. இந்தத் துறையில் நீண்ட காலம் எழுதிவரும் ஜான்சன் மெக்ரோரி போன்றவர்கள், கோதுமை டெக்ஸ்ட்ரின் மலத்தைக் கட்டக்கூடும் என்றே குறிப்பிடுகிறார்கள். அமெரிக்காவில் மலமிளக்கி மருந்துகளுக்கான விதிகளில் இசப்கோலுக்கும் மெத்தில்செல்லுலோஸுக்கும் இடம் உண்டு. இனுலினும் டெக்ஸ்ட்ரினும் துணை உணவாகவே விற்கப்படுகின்றன. டப்பாவின் பின்பக்கத்தில் 'மருந்து விவரம்' என்ற கட்டம் இருக்கிறதா, 'துணை உணவு விவரம்' என்ற கட்டம் இருக்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். சில இசப்கோல் டப்பாக்களில் இரண்டு கட்டமும் இருக்கும்.

கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொட வேண்டாம். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் டப்பாவில் குளூட்டன் இல்லை என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நான்கு கண்ணாடி டம்ளர்கள்

இந்த இடத்தில் அம்மாவும் மகளும் சமையலறை மேடையில் ஒரு சோதனை செய்தார்கள். யாரும் செய்து பார்க்கலாம். நான்கு கண்ணாடி டம்ளர்களில் 240 மில்லி குளிர்ந்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஒரு தூள், 4 கிராம் அளவில் நிறுத்துப் போட்டு, ஒரே மாதிரி கலக்கிப் பத்து நிமிடம் விட்டார்கள்.

இனுலின் டம்ளர் லேசாக மங்கி, பிறகு தெளிந்தது. டெக்ஸ்ட்ரின் டம்ளரில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மெத்தில்செல்லுலோஸ் மெல்லக் கெட்டியாகி, வெண்டைக்காய் ஊறிய நீர்போல வழுவழுப்பானது. இசப்கோல் டம்ளரில் உமித் துணுக்குகள் சப்ஜா விதை போல ஊறிப் பருத்து, பத்தாவது நிமிடத்தில் டம்ளரைச் சாய்த்தால் மொத்தமாகச் சேர்ந்து நகர்ந்தது. கரண்டியை விட்டு எடுத்தால் குழி சற்று நேரம் அப்படியே நின்றது.

பழைய பாடப்புத்தகங்கள் நார்ச்சத்தைக் 'கரையும் நார்', 'கரையா நார்' என்று இரண்டாகப் பிரித்தன. அந்தப் பிரிவு இங்கே உதவவில்லை. நான்கும் கரையும் நார் என்ற பட்டியலில் வருபவை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. தண்ணீரைப் பிடித்துக் கொழகொழப்பாகிறதா? பெருங்குடலின் பாக்டீரியாக்களிடமிருந்து தப்பிக் கடைசிவரை உருப்படியாகப் போய்ச் சேருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் மலம் இளகும். முதல் கேள்விக்கு டம்ளர் பதில் சொல்லும். இரண்டாவதற்கு டம்ளரில் பதில் இல்லை.

மலத்தில் முக்கால் பங்கு நீர். அந்தப் பங்கில் நான்கைந்து சதவீதம் ஏறினாலோ இறங்கினாலோ புழுக்கை வாழைப்பழமாகும், வாழைப்பழம் கூழாகும். இவ்வளவு சின்ன மாற்றம் போதும் என்பதால்தான், நீரைக் கையைவிடாமல் கடைசி முழம்வரை கொண்டுபோகும் தூள் எது என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

மூன்றாம் சுற்று: இசப்கோல், முதலில் தப்பாக

இசப்கோல் அவருக்குப் புதிதல்ல. ஊரில் மாமியார் இரவில் வெந்நீரில் போட்டுக் குடித்ததைப் பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் வண்ண டப்பாக்களில் விற்பதும் பெரும்பாலும் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைந்த அதே உமிதான். இந்தியக் கடையில் வாங்கினால் பட்டியலில் இசப்கோல் உமி மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில கலவைத் தூள்களில் நிலாவாரை சேர்ந்திருக்கும். அது குடலைத் தூண்டிப் பேதியாக்கும் மருந்து. வயிற்றைப் பிசைந்து வலியோடு போனால் அது இசப்கோலின் வேலை அல்ல, நிலாவாரையின் வேலை.

ஐந்து நாளாக மலம் கழிக்காத ஒரு இரவில், பொறுமை இழந்து, இரண்டு மேஜைக்கரண்டி உமியை அரை டம்ளர் வெந்நீரில் போட்டு, கொஞ்சம் ஊறியபின் குடித்துவிட்டுப் படுத்தார். நெஞ்சில் ஏதோ நிற்பது போலிருந்தது. காலையில் வயிறு கல்லாகக் கனத்தது, உப்புசம் ஏழு. 'இதுவும் எனக்கு ஆகவில்லை' என்று டப்பாவை ஒதுக்கிவிட்டார்.

இசப்கோல் ஆகவில்லை என்று சொல்கிறவர்களிடம் மூன்று தவறுகளைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம். அவர் மூன்றையும் ஒரே இரவில் செய்திருந்தார்.

முதல் தவறு அளவு. மேஜைக்கரண்டி ஒன்றில் முழு உமி சுமார் 5 கிராம் பிடிக்கும். நைஸாக அரைத்த தூள் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். ஒரே மூச்சில் 10 கிராம் என்பது பழகாத குடலுக்குப் பெருஞ்சுமை. இரண்டாவது தண்ணீர். ஒவ்வொரு வேளைக்கும் குறைந்தது 240 மில்லி வேண்டும், கெட்டியாகும் முன் குடித்துவிட வேண்டும். குறைந்த நீரில் ஊறிய உமி உணவுக்குழாயில் சிக்கி மூச்சடைக்க வைக்கலாம். அமெரிக்க மருந்து விதிகளின்படி இந்த எச்சரிக்கையை டப்பாவில் அச்சிட்டே ஆக வேண்டும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு இசப்கோல் கூடாது. படுக்கப்போகும் நேரத்திலும் வேண்டாம். குடித்தபின் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்தோ நடந்தோ இருப்பது நல்லது.

மூன்றாவது தவறைப் பலரும் கவனிப்பதில்லை. கீழே ஐந்து நாள் மலம் காய்ந்து அடைத்திருக்கும்போது மேலிருந்து பருமனைக் கூட்டினால், அது போக வழியில்லாமல் பின்னால் தேங்கும். உப்புசம் கூடும். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டு, மலமிளக்கியான பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் நாளுக்கு 17 கிராம் வீதம் மூன்று நாள் எடுத்தார். இரண்டாம் நாள் மாலையிலும் மூன்றாம் நாள் காலையிலும் வயிறு நன்றாகக் கழிந்தது. அதற்குப் பிறகுதான் இசப்கோலை மறுபடி தொடங்கச் சொன்னோம்.

இசப்கோல், சரியாக

சமையலறைத் தராசில் நிறுத்து எடுத்தார்கள். முதல் ஐந்து நாள் 2 கிராம், மாலை ஐந்து மணிக்கு ஒரே வேளை. அடுத்த ஐந்து நாள் 3.5 கிராம். பிறகு காலை பதினொன்றுக்கு 3.5 கிராம், மாலை ஐந்துக்கு 3.5 கிராம். நேரத்தை இப்படி வைத்ததற்குக் காரணம் தைராய்டு மாத்திரை. அதைக் காலை ஆறரைக்கு வெறும் வயிற்றில் போடுகிறார். இசப்கோல் கூழ் மருந்துகளைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடாமல் செய்யக்கூடும். பொதுவாக இரண்டு மணி நேர இடைவெளி போதும் என்பார்கள். லெவோதைராக்சினுக்கு நான்கு மணி நேரம் விடுவது பாதுகாப்பு. லித்தியம், கார்பமாசெபின், டிகாக்சின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு உணவுக்குப் பின் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும். அது நல்லதுதான், ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் முதல் வாரம் அளந்து பார்க்க வேண்டும். கால்சியம் கார்பனேட்டை மருத்துவர் வேறொரு கால்சியம் உப்பாக மாற்றித் தந்தார்.

ஒரு நோட்டில் தினமும் மூன்றே விவரம் எழுதினார்: பிரிஸ்டல் மல அட்டவணையில் எத்தனையாம் வடிவம், முக்க வேண்டியிருந்ததா, மாலை உப்புசம் பத்துக்கு எத்தனை. இந்த அட்டவணையில் ஒன்று என்பது தனித்தனிப் புழுக்கை, நான்கு என்பது வழுவழுப்பான வாழைப்பழ வடிவம், ஏழு என்பது வெறும் நீர்.

முதல் ஐந்து நாள் வடிவம் இரண்டு, உப்புசம் ஐந்து. எட்டாம் நாள் வடிவம் மூன்று. பதின்மூன்றாம் நாள் முதன்முறையாக நான்கு, முக்கவில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் தினமும் காலையில் போகும் ஊர்ப் பழக்கம் திரும்பியது. உப்புசம் மூன்றில் நின்றது.

இசப்கோலும் பெருங்குடலில் கொஞ்சம் நொதிக்கும். ஆனால் அதன் சங்கிலி கிளை கிளையாகப் பிரிந்த அராபினோசைலான் என்பதால் பாக்டீரியாக்களால் எளிதில் பிரிக்க முடிவதில்லை. கூழ் பெரும்பாலும் உருக்குலையாமல் நீரோடு கடைசிவரை வருகிறது. மலத்தில் நீரைக் கூட்டுவதில் டாக்யூசேட் என்ற மலமிளக்கி மாத்திரையைவிட இசப்கோல் மேலானது என்று 1998-ல் வெளியான ஒரு ஒப்பீடு காட்டியது. அதில் இசப்கோல் நாளுக்கு இரண்டு வேளை 5.1 கிராம், டாக்யூசேட் இரண்டு வேளை 100 மில்லிகிராம். வயிற்றுவலியும் மலப்போக்குக் கோளாறும் அடிக்கடி வரும் எரிச்சல் குடல் நோய் உள்ளவர்கள் 275 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், 10 கிராம் இசப்கோல் பெற்றவர்கள் தவிடு பெற்றவர்களைவிட நன்றாக இருந்தார்கள். தவிட்டுக் குழுவில் பலர் தொந்தரவு தாங்காமல் பாதியில் விலகினார்கள். கோதுமைத் தவிடு மலச்சிக்கலுக்கு நல்லது என்று கண்ணை மூடிச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உப்புசத்துக்கும் இசப்கோலுக்கும் உள்ள உறவைக் காட்டுவது 2022-ல் நாட்டிங்ஹாமிலிருந்து வந்த ஓர் ஆய்வு. எரிச்சல் குடல் உள்ளவர்களுக்கு இனுலின் மட்டும் கொடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது பெருங்குடலில் வாயு பெருகியது. இனுலினோடு இசப்கோலும் சேர்த்துக் கொடுத்தபோது வாயு அந்த அளவுக்கு ஏறவில்லை. கூழுக்குள் சிக்கிய இனுலினைப் பாக்டீரியாக்கள் ஒரே பாய்ச்சலில் எட்ட முடிவதில்லை என்பதே விளக்கம். பாக்டீரியாக்களின் நலனுக்காக இனுலின் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர், இசப்கோலில் நிலைத்தபின் 2 கிராம் இனுலினை அதே டம்ளரில் சேர்த்துப் பார்க்கலாம்.

நான்காம் சுற்று: மெத்தில்செல்லுலோஸ்

மலம் சரியானபின் அவர் தாமாகவே இசப்கோலை 10 கிராமாக உயர்த்தினார். கொழுப்பைக் குறைக்கும் என்று யாரோ சொன்னார்கள். அது உண்மை, 7 முதல் 10 கிராம் வரை தொடர்ந்து எடுத்தால் கெட்ட கொழுப்பு ஓரளவு குறையும். ஆனால் இவருக்கு மதியச் சாப்பாடு பாதியிலேயே வயிறு நிறைந்ததுபோல் ஆகி, மாலையில் கனம் வந்தது. கூழ் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குவதால் வரும் கனம் அது, வாயு அல்ல. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சாப்பிட்ட அரை மணிக்குள் மேல்வயிற்றில் கனம் என்றால் கூழின் வேலை. நாலைந்து மணி நேரம் கழித்துக் கீழ்வயிற்றில் சத்தத்தோடு ஊதிக் காற்றுப் பிரிந்தால் நொதிப்பின் வேலை.

இசப்கோலை இரண்டு வாரம் நிறுத்தி மெத்தில்செல்லுலோஸ் கொடுத்துப் பார்த்தோம். மரநாரான செல்லுலோஸை வேதிமுறையில் மாற்றித் தண்ணீரில் கரையும்படி செய்தது. மனிதக் குடலும் பாக்டீரியாவும் அதை உடைக்க முடியாது. நொதிப்பே இல்லை என்பதால் அதிலிருந்து வாயு வருவதில்லை. 2 கிராம், நாளுக்கு இரண்டு வேளை.

முதல் நாள் பழக்கதோஷத்தில் வெந்நீரில் கலக்கினார்கள். வெள்ளை வெள்ளையாகக் கட்டி தட்டி மிதந்தது, கரையவே இல்லை. மெத்தில்செல்லுலோஸ் மற்றவற்றுக்கு நேர்மாறு: குளிர்ந்த நீரில் கரையும், சூட்டில் பிரிந்து திரளும். ஐஸ் தண்ணீராக இல்லாவிட்டாலும் குளிர்ந்த தண்ணீரில் தூவிக்கொண்டே கலக்கி, உடனே குடித்து, மேலே இன்னொரு அரை டம்ளர் தண்ணீர் குடிப்பது முறை. மூச்சடைப்பு எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆரஞ்சுச் சுவை போட்ட டப்பா சிலவற்றில் சர்க்கரை நிறைய. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை இல்லாததைப் பார்த்து எடுக்க வேண்டும்.

இரண்டு வேளையில் வடிவம் மூன்று, உப்புசம் இரண்டு. மூன்று வேளை ஆக்கியபோது வடிவம் நான்கைத் தொட்டது. இவரைப் பொறுத்தவரை உப்புசத்தில் மெத்தில்செல்லுலோஸ் ஒரு படி மேல், இளக்கத்தில் இசப்கோல் ஒரு படி மேல். மெத்தில்செல்லுலோஸுக்கு ஆய்வுச் சான்றுகள் இசப்கோல் அளவுக்கு இல்லை, கொழுப்பு குறையும் பலனும் இல்லை. ஆனால் எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஊதுகிறவருக்கு, இசப்கோலை 2 கிராமிலேயே தாங்க முடியாதவருக்கு, நாங்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

அவர் மார்ச் மாதக் கடைசியில் ஊர் திரும்பினார். மெத்தில்செல்லுலோஸ் தூள் திருச்சியில் எளிதில் கிடைப்பதல்ல. இசப்கோல் தெருமுனை மருந்துக்கடையிலேயே உண்டு. அதனால் நாளுக்கு 7 கிராம் இசப்கோல், இரண்டு வேளையாகப் பிரித்து, என்று முடிவானது. 10 கிராமுக்குப் போக வேண்டாம் என்று எழுதியே கொடுத்தோம். ரயில் பயண நாளில், தண்ணீர் குடிக்க வசதியில்லாத நாளில், வாந்தி பேதி வந்த நாளில் தூளை விட்டுவிடலாம்.

கடைசியாக ஒன்று அந்தத் தாளில் தடித்த எழுத்தில் இருக்கிறது. சரியான அளவில், சரியான தண்ணீரோடு நான்கு வாரம் இசப்கோல் எடுத்தும் மலம் இளகாவிட்டால், அல்லது மலம் மிருதுவாக இருந்தும் வெளியே தள்ள முடியாமல் விரலால் எடுக்க வேண்டியிருந்தால், தூளைக் கூட்டக் கூடாது. முதலாவது குடலே மெதுவாக நகர்வதாக இருக்கலாம். இரண்டாவது ஆசனவாய்த் தசைகள் முக்கும்போது தளராமல் இறுகுவதாக இருக்கலாம். இந்த இரண்டு நிலையிலும் நார்ச்சத்து பெரும்பாலும் பலிக்காது, உப்புசத்தைத்தான் கூட்டும். குடல் நோய் மருத்துவரிடம் போய் ஆசனவாய் அழுத்தச் சோதனை எடுக்கச் சொல்ல வேண்டும். தசை இறுக்கம் என்று தெரிந்தால் அதற்குரிய பயிற்சிச் சிகிச்சை தனியாக இருக்கிறது.